ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட்

கேள்வி: எனக்கு வயது 44. மதுரை அண்ணா நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். எடை 72 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் உடற்பயிற்சி அவசியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜிம்முக்குப் போக வசதியில்லை, வீட்டுக்குள்ளும் இடமில்லை. எனவே வண்டி நிறுத்தும் தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடி வரையுள்ள 90 படிகளைத் தினமும் பத்து முறை ஏறி இறங்கினேன். பத்தே நாளில் வலது முழங்காலின் முன்பக்கம் வலி வந்துவிட்டது. இறங்கும்போதுதான் அதிகம், வீக்கம் இல்லை. லிஃப்ட் இருக்கிறது. படியை அடியோடு விட்டுவிடவா? மொட்டை மாடியிலும், இருபது நிமிட நடைத் தொலைவில் உள்ள பூங்காவிலும் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

படியை விட வேண்டாம். இறங்குவதை மட்டும் சில வாரங்களுக்கு நிறுத்திவையுங்கள். படியில் ஏறி, லிஃப்டில் இறங்குங்கள். உங்கள் முழங்கால் எதற்காக முறையிடுகிறது என்று தெரிந்துகொண்டால், இந்த ஏற்பாடு சோம்பேறித்தனம் அல்ல என்பது உங்களுக்கே விளங்கும்.

படி ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, கீழே விழப் பார்க்கும் உடலைப் பிரேக் போட்டு நிறுத்துகிறது. இந்த இரண்டு வேலைகளிலும் முழங்கால் சில்லு தொடையெலும்பின் மேல் அழுத்தப்படுகிறது. சமதரையில் நடக்கும்போது அந்த அழுத்தம் உடல் எடையையொட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். படிகளில் அது உடல் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. உங்கள் எடைக்கு ஒவ்வொரு படியிலும் இருநூறு கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். பழகிய முழங்கால் இதைச் சாதாரணமாகத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நீங்கள் முதல் நாளிலேயே 900 படிகள் ஏறி 900 படிகள் இறங்கியிருக்கிறீர்கள். ஒரு காலுக்கு 450 முறை பிரேக் என்று கணக்காகிறது, அதுவும் ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல்.

இதில் ஏமாற்றுவது மூச்சுதான். ஏறும்போது மூச்சு வாங்குவதால் உடல் உழைப்பதை உணர்கிறோம். இறங்கும்போது மூச்சு அடங்கிவிடுவதால் ஓய்வெடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். இதயத்துக்கு அது ஓய்வுதான், முழங்காலுக்கு அல்ல. என்னிடம் வருபவர்களில் பலர் "இறங்கும்போதுதானே சும்மா வருகிறோம்" என்று சொல்லிக்கொண்டே, களைப்பில் கால்களைத் தளரவிட்டுத் தடதடவென்று இறங்கும் பழக்கம் உள்ளவர்களாக இருக்கிறார்கள். தசை களைத்த பிறகு பிரேக் சரியாகப் பிடிக்காது. அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகும். பத்துச் சுற்றில் கடைசி மூன்று சுற்றுகளில் உங்கள் செருப்போ ஷூவோ படியில் எழுப்பிய சத்தம், முதல் சுற்றைவிட உரத்து இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

நேரில் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதிய அடையாளங்கள் முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலியோடு பொருந்துகின்றன. அப்படியானால் வலியின் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியாது. உள்ளங்கையை வைத்து "இங்கே சுற்றிலும்" என்றுதான் காட்டத் தோன்றும். தரையில் குந்தி எழும்போதும், பேருந்தில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போதும் தெரியும். இதற்கு மாறாக முழங்கால் வீங்கினாலோ, பாதியில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனாலோ, நடக்கும்போது திடீரென்று மடங்கினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, கீழே எழுதியிருப்பதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அது முழங்கால் விஷயம் அல்ல. சர்க்கரை எல்லைக்கோட்டில் உள்ளவர் என்பதால், தொடங்குவதற்கு முன் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஏறும் முறை. வாரத்தில் மூன்று நாட்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் தரைத்தளத்தில் வண்டிகளுக்கு இடையே ஐந்து நிமிடம் சாதாரணமாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீடு இருக்கும் மூன்றாம் மாடி வரை மட்டும் ஏறுங்கள். ஒரு மாடிக்கு 18 படி என்ற கணக்கில் அது 54 படிகள். விநாடிக்கு ஒரு படி என்ற வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். லிஃப்டை அழைத்துக் காத்திருந்து கீழே போய்ச் சேர ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும்; அந்த நேரமே உங்கள் ஓய்வு. முதல் இரண்டு வாரங்களுக்கு இப்படி மூன்று முறை ஏறினால் போதும். மூன்றாம், நான்காம் வாரங்களில் ஐந்து முறை. ஐந்தாம் வாரத்தில்தான் மொட்டை மாடி வரையுள்ள 90 படிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது நான்கு முறை, ஏழாம் வாரத்திலிருந்து ஆறு முறை. இரண்டு மாதம் கழித்தும் நீங்கள் ஒரு நாளில் ஏறுவது 540 படிகள்தான். முன்பு ஏறிய 900 படிகளை மீண்டும் எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

வேகம் சரியா என்பதைப் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மேலே போய்ச் சேர்ந்ததும் "நாளைக்குப் பால்காரரிடம் ஒரு லிட்டர் கூடுதலாகச் சொல்ல வேண்டும்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தை, நடுவில் ஒருமுறை மூச்சு எடுத்துச் சொல்லி முடிக்க முடிந்தால் அது சரியான வேகம். ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் கொஞ்சம் வேகமாக ஏறலாம். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் அதிகம். அடுத்த முறை ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பத்து விநாடி நின்று போங்கள்.

கால் வைக்கும் விதத்தில் மூன்று செய்திகளைக் கவனித்தால் போதும். முன்பாதத்தை மட்டும் வைத்து எம்பி ஏறாமல், குதிகால் உட்படப் பாதம் முழுவதும் படியின் மேல் இருக்க வேண்டும். உடம்பை விறைப்பாக நிமிர்த்தாமல் இடுப்பிலிருந்து சற்றே முன்னால் சாய்ந்தால் பிட்டத் தசை வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், முழங்காலுக்குச் சுமை குறையும். மூன்றாவதுதான் முக்கியம்: எடையை ஏற்றும் கணத்தில் முழங்கால் உள்பக்கமாகச் சரியக் கூடாது, அது காலின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்க வேண்டும். இது நமக்கு நாமே பார்த்தால் தெரியாது. வீட்டில் ஒருவரை மேல் படியில் நிற்கச் சொல்லி, நீங்கள் ஏறி வருவதைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். புடவை, நைட்டி போன்ற உடைகளில் முழங்கால் மறைந்துவிடும் என்பதோடு தடுக்கியும் விடும். அன்றைக்கு மட்டுமாவது கால்சட்டையோ சுடிதாரோ அணிந்துகொள்ளுங்கள். எல்லா நாளும் அணிந்தால் இன்னும் நல்லது. குதிகால் பட்டை இல்லாத ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம்.

நம் ஊர்க் கட்டடங்களின் படிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓர் அளவு நாடாவை எடுத்துச் சென்று உங்கள் படிகளின் உயரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். பெரும்பாலான படிகள் 15 முதல் 18 சென்டிமீட்டருக்குள் ஒரே சீராக இருக்கும். ஆனால் ஒவ்வொரு மாடியிலும் முதல் படியும் கடைசிப் படியும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருப்பது வழக்கம். கான்கிரீட் போட்டபோது சரியாக இருந்த அளவு, பிறகு தரைக்கு டைல்ஸும் படிக்குக் கிரானைட்டும் ஒட்டும்போது மாறிவிடுகிறது. இரண்டு மூன்று படிகளிலேயே காலுக்கு ஓர் உயரம் பழகிவிடும். அது மாறும் படியில்தான் தடுக்குகிறது. மொட்டை மாடிக்குப் போகும் கடைசி அடுக்கு பல குடியிருப்புகளில் மற்றவற்றைவிடக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள படிகள் அங்கே இருந்தால், ஐந்தாம் வாரத்திலும் அந்த அடுக்கை விட்டுவிட்டு நான்காம் மாடியோடு நின்றுகொள்ளுங்கள். படிக்கட்டைக் கழுவிவிடும் நாள் எது, வாசலில் தண்ணீர் தெளிக்கும் நேரம் எது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈரமான கிரானைட்டில் பயிற்சி கிடையாது. திருப்பங்களில் செருப்பு அலமாரியும் சைக்கிளும் இருந்தால், கைப்பிடி இருக்கும் பக்கமாவது ஓர் ஆள் போகும் அளவுக்கு ஒதுக்கித் தரச் சொல்லிச் சங்கத்தில் கேட்பதில் தவறில்லை. தீ விபத்து நேரத்திலும் அதே வழியாகத்தான் எல்லாரும் இறங்கியாக வேண்டும்.

காலை ஐந்தே முக்கால் மணிக்குத் தொடங்கினால் பள்ளி, அலுவலக நெரிசலுக்கு முன்பே லிஃப்டை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பயன்படுத்தலாம். மின்தடை வந்து இறங்கியே தீர வேண்டிய நாளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் வலது காலை முதலில் கீழ்ப் படியில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். அப்போது பிரேக் போடும் வேலை நல்ல காலான இடது காலுக்குப் போய்விடும்.

பயிற்சியின் போது பத்துக்கு மூன்று என்று மதிப்பிடக்கூடிய வலி வரை பரவாயில்லை. அது மறுநாள் காலை எழும்போது பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இதோடு தசை வலியைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புதிய பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையின் நடுச்சதையில், இரண்டு கால்களிலும், தொட்டால் வலிக்கும்படி வருவது தசை வலி. அது தானாகப் போய்விடும். சில்லைச் சுற்றி ஒரு காலில் மட்டும் வருவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மொட்டை மாடியை நான் நடப்பதற்காக அல்ல, தசைக்குப் பலம் ஏற்றுவதற்காகவே சிபாரிசு செய்வேன். உங்கள் முழங்காலைக் குணப்படுத்தப்போவதும் இதுதான். தொடைத் தசையும் பிட்டத் தசையும் வலுவானால் பிரேக் நன்றாகப் பிடிக்கும். செவ்வாய், சனி என்று வாரம் இரண்டு நாட்கள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

மாடிக் கதவின் கீழே மழைநீர் உள்ளே வராமல் இருக்க உயர்த்திக் கட்டிய நிலைப்படி ஒன்று பல கட்டடங்களில் இருக்கும். சாதாரணப் படியைவிடத் தாழ்வாக, 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் அதைவிட நல்ல பயிற்சிச் சாதனம் உங்களுக்குக் கிடைக்காது. கதவை நன்றாகத் திறந்து கொண்டி மாட்டிவிட்டு, நிலைப்படியின் மேல் பக்கவாட்டில் வலது காலை வைத்து நின்று, கதவுச் சட்டத்தை விரல் நுனிகளால் தொட்டுக்கொள்ளுங்கள். இடது காலைத் தொங்கவிட்டு, வலது முழங்காலை மெதுவாக மடக்கியபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் இடது குதிகால் தரையைத் தொட வேண்டும். எடையைத் தரையில் இறக்கிவிடாமல், தொட்டதும் மேலே வந்துவிட வேண்டும். வலது முழங்கால் உள்பக்கம் சரிந்தாலோ, இடது இடுப்பு தாழ்ந்தாலோ அந்த உயரம் உங்களுக்கு இப்போதைக்கு அதிகம் என்று பொருள். அப்போது தரையில் உறுதியான ஒரு பலகையை இட்டு, தொட வேண்டிய தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலுக்கு எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு முறை. வலியில்லாத இடது காலுக்கும் இதே அளவு செய்யுங்கள். உங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு நிலைப்படி இல்லையென்றால், மாடிப்படியின் மிகக் கீழ்ப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி இதையே செய்யலாம். அங்கேயும் பலகையை இட்டு உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்து உடனே எழ வேண்டும், பத்து முறை வீதம் இரண்டு சுற்று. பிளாஸ்டிக் நாற்காலி தளத்தில் வழுக்கிப் பின்னால் போய்விடும் என்பதால், அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். முழங்கால் வலித்தால் இருக்கையில் ஒரு தலையணையை வைத்து உயரமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்துவது பத்து முறை. மேலுடம்புக்கு மாடிப்படி அறையின் சுவரில் கைகளை ஊன்றி, ஓரடி இரண்டடி தள்ளி நின்று செய்யும் தண்டால் பத்து முறை. இழுக்கும் தசைகளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை, குனிந்து ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு மறுகையால் இடுப்பு வரை இழுக்கலாம். நிறைத்தால் அது ஏறத்தாழ ஐந்து கிலோ. இருபது லிட்டர் கேனைத் தூக்கிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

மாடியில் செய்யக் கூடாதவையும் சில உண்டு. கைப்பிடிச் சுவரில் ஊன்றித் தண்டால் எடுக்கவோ, அதன் மேல் கால் போட்டு நீட்டவோ கூடாது; அது ஆள் விழாமல் தடுக்கக் கட்டியது, எடையைத் தாங்கிப் பயிற்சி செய்யக் கட்டியதல்ல, பழைய கட்டடங்களில் பூச்சு மட்டுமே சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. இழுவை ரப்பர் பட்டையைத் தொட்டியிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாயில் கட்டாதீர்கள். இணைப்பு விட்டுவிட்டால் நாலு வீட்டுத் தண்ணீரும் உங்கள் கணக்கில் எழுதப்படும். விடியற்காலை இருட்டில் துணிக்கொடி கண்ணுக்குத் தெரியாது, அது கழுத்து உயரத்தில் இருக்கும். நீங்கள் பயிற்சி செய்யும் பகுதியின் கொடிகளில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். கயிறு தாண்டுவதும் குதிப்பதும் உங்கள் முழங்காலுக்கு இப்போது ஆகாது என்பதோடு, நான்காம் மாடிக்காரர்களின் தூக்கத்துக்கும் ஆகாது. மேல்தளத்தில் விழும் ஒவ்வோர் அடியும் கீழே அவர்கள் படுக்கைக்கு மேலே இடியாகக் கேட்கும். மாடிச் சாவி விவகாரங்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

நேரமும் முக்கியம். மதுரையில் பங்குனி முதல் ஆவணி வரை மாலையில் மொட்டை மாடி இதமாக இருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் தவறு செய்கிறார்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் சூரியன் மறைந்த பிறகும் சில மணி நேரம் அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே காற்று வந்தாலும் கீழே தளம் அடுப்பாக இருக்கும். தளம் மிகவும் ஆறியிருப்பது விடிவதற்குச் சற்று முன்னும் பின்னும்தான். ஆகவே ஆறே முக்காலுக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை வேறு: தட்டோடு பதித்த தளத்தில் நீர் தேங்கும் மூலைகளில் பாசி படரும், வெயிலைத் தடுக்கப் பதிக்கும் வெள்ளை டைல்ஸ் லேசான தூறலுக்கே வழுக்கும். அந்த இரண்டு மாதங்களில் நிலைப்படிப் பயிற்சியை மாடிப்படி அறைக்கு உள்பக்கம் நின்றும், மற்றவற்றை வீட்டுக் கூடத்திலும் செய்துகொள்ளுங்கள். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

பூங்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு அது இருபது நிமிடத் தொலைவில் இருப்பது ஒரு வகையில் வசதிதான்; போக வர நாற்பது நிமிட நடை ஆகிவிடுகிறது. வியாழன், ஞாயிறு என்று இரண்டு நாட்கள், நிமிடத்துக்கு 100 அடி என்ற வேகத்தில் நடந்தால் அது மிதமான பயிற்சிக் கணக்கில் சேரும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து விநாடிக்கு 25 அடி வருகிறதா என்று எண்ணினால் தெரிந்துவிடும். உடைந்த நடைமேடையும் சாலையைக் கடக்கக் காத்திருப்பதும் வேகத்தைக் கெடுத்தால், பூங்காவுக்குள் போய் இன்னும் இரண்டு சுற்று நடந்து ஈடுகட்டுங்கள்.

மாநகராட்சிப் பூங்காக்களில் நிறுவியுள்ள திறந்தவெளிக் கருவிகளில் நின்றபடி கால்களை முன்னும் பின்னும் வீசும் ஊஞ்சல் போன்ற கருவிக்குத்தான் எப்போதும் வரிசை நிற்கும். அதில் தசைக்கு எதிர்ப்பு எதுவும் இல்லை. வீசி விட்டால் கால் தானாகப் போய் வருகிறது. மூட்டைத் தளர்த்திக்கொள்ள ஒரு நிமிடம் ஆடலாம், அதைப் பயிற்சி என்று எண்ண வேண்டாம். எட்டு வடிவப் பாதையில் நடப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். அதில் கெடுதல் இல்லை. ஆனால் அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது, முழங்கால் திருகுகிறது. வலி இருக்கும் வரை நேரான பாதையே உங்களுக்கு ஏற்றது. பூங்காவில் உண்மையிலேயே பயன்படுவது சிமெண்டு பெஞ்சுதான். சுவர்த் தண்டால் எளிதாகிவிட்ட பிறகு அதே தண்டாலைப் பெஞ்சின் விளிம்பில் கைகளை ஊன்றிச் செய்யுங்கள். கை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு கடினமாகும்.

இதெல்லாம் போதுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியோ 75 நிமிடக் கடுமையான பயிற்சியோ தேவை. தசைக்குப் பலம் தரும் பயிற்சி வாரம் இரண்டு நாட்கள். கடுமையான ஒரு நிமிடத்தை மிதமான இரண்டு நிமிடமாக எண்ணலாம். எட்டாம் வாரத்தில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 90 படி ஏற ஒன்றரை நிமிடம், ஆறு முறைக்கு ஒன்பது, மூன்று நாளுக்கு 27. அது 54 மிதமான நிமிடங்களுக்குச் சமம். பூங்கா நடை 80. ஆக 134. மீதமுள்ளதை இரவு உணவுக்குப் பின் மாடியிலோ தரைத்தளத்திலோ பத்து நிமிடம் நடப்பதில் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடன் நடக்கும் அந்தப் பத்து நிமிடம், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தை நேரடியாகக் குறைக்கும் என்பதால், உங்கள் நிலைமையில் அதைத் தினமும் செய்யச் சொல்வேன். எல்லைக்கோட்டுச் சர்க்கரை உள்ள இந்தியர்களிடம் சென்னையில் நடத்தி 2006இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதமாக இருந்தது.

ஆனால் எடை குறைவதற்குப் படியை நம்பாதீர்கள். 90 படிகள் ஏறுவது ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்துக்கு 72 கிலோவைத் தூக்குவது. உடல் செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் தூக்கும் வேலையாக மாறுகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு முறை ஏற 10 முதல் 13 கலோரி ஆகும். நீங்கள் முன்பு ஏறிய பத்துச் சுற்றும் சேர்ந்து 150 மீட்டர் உயரம், அதாவது மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அவ்வளவு ஏறியதற்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு இட்லி அளவுதான் செலவாகியிருக்கும். எடையைத் தட்டில்தான் குறைக்க வேண்டும். படி உங்கள் இதயத்துக்கும் தொடைக்கும் சர்க்கரைக்கும் ஆனது.

மீண்டும் படியில் எப்போது இறங்கலாம் என்பதை நிலைப்படியே சொல்லும். வலது காலில் நின்று, விரல்கள் சட்டத்தைத் தொடாமல், மூன்று விநாடி எண்ணி இறக்கும் பயிற்சியைத் தொடர்ந்து பத்து முறை, வலி பத்துக்கு இரண்டைத் தாண்டாமல் செய்ய முடிகிற நாளில் தொடங்குங்கள். முதல் வாரம் பயிற்சி முடிந்தபின் ஒருமுறை மட்டும், மேலே ஏறிய பிறகு லிஃப்டில் முதல் மாடி வரை வந்து, அங்கிருந்து 18 படிகளை நடந்து இறங்குங்கள். மறுநாள் காலை முழங்கால் அமைதியாக இருந்தால் வாரத்துக்கு ஒரு மாடி வீதம் கூட்டலாம். ஆறு வாரம் நிலைப்படிப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் அந்தப் பத்து எட்டவில்லை என்றால், நீங்கள் எடுத்து வைத்த கைப்பேசிப் படத்தையும் கொண்டுபோய் அருகிலுள்ள இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். இடுப்பா, பாத வளைவா, சில்லு நகரும் தடமா என்பதை அவர் நேரில் தொட்டுப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும்.